ஒரு கிலோ சீனியின் பத்தாண்டு: பெயரளவு விலையும் மெய்விலையும்

தீபகற்ப மலேசியாவில் சாதாரண வெள்ளைச் சீனியின் உச்ச சில்லறை விலை 2014ஆம் ஆண்டில் கிலோவுக்கு 2 ரிங்கிட் 84 சென்னாக இருந்தது. 2024ஆம் ஆண்டில் அதே சீனியின் உச்ச விலை 2 ரிங்கிட் 85 சென். இவ்விரண்டு எண்களை மட்டும் பார்ப்பவர், பத்தாண்டில் சீனி ஒரு சென் விலையேறியுள்ளது என்பார். அவர் கூற்றில் பிழையில்லை. அதே பத்தாண்டில் சீனியின் விலை ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைந்துள்ளது என்று மற்றொருவர் கூறினால், அவர் கூற்றிலும் பிழையில்லை. முரண்போலத் தோன்றும் இவ்விரு கூற்றுகளும் ஒருங்கே உண்மையாக இருப்பது எப்படி என்பதையே இக்கட்டுரையில் கணக்கிட்டுக் காண்போம்.

சீனியை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. மீனுக்கோ காய்கறிக்கோ ஒரே நாளில் கடைக்குக் கடை விலை மாறும்; தரமும் மாறும். சாதாரண வெள்ளைச் சீனியோ அரசின் விலைக் கட்டுப்பாட்டில் உள்ள பொருள். அதன் விலை மாறிய நாள்கள் அறிவிக்கப்பட்டவை. 2014இல் வாங்கிய ஒரு கிலோவும் 2024இல் வாங்கிய ஒரு கிலோவும் ஒரே பொருள். 2013 அக்டோபர் இறுதியில் கிலோவுக்கு 34 சென் மானியம் நீக்கப்பட்டு, விலை 2.50 ரிங்கிட்டிலிருந்து 2.84 ரிங்கிட்டாயிற்று. 2017 மார்ச் முதல் நாள் 11 சென் கூடி 2.95 ஆயிற்று. 2018 செப்டம்பர் முதல் நாள் 10 சென் குறைந்து 2.85 ஆயிற்று. நாம் எடுத்துக்கொண்ட பத்தாண்டில் நிகழ்ந்த மாற்றங்கள் பின்னைய இரண்டு மட்டுமே. ஆகவே, கணக்கில் ஐயம் எழுந்தால் அதன் காரணத்தைச் சீனியில் தேட வேண்டியதில்லை, பணத்தில் தேடலாம்.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். விலைச் சீட்டில் அச்சாகியிருக்கும் தொகையைப் பொருளியலார் பெயரளவு விலை என்பர். பணத்தின் வாங்கும் ஆற்றலில் ஏற்பட்ட மாற்றத்தை அதிலிருந்து நீக்கிய பின் கிடைப்பது மெய்விலை. மெய் என்ற சொல் இங்குச் சற்றே தவறான எண்ணத்தைத் தரக்கூடும். மெய்விலை என்று ஒன்று இருந்தால் மற்றது பொய்விலை ஆகுமோ என்று மாணவர் கேட்பது இயல்பே. பெயரளவு விலை பொய் அன்று. கடைக்காரரிடம் எண்ணிக் கொடுப்பது அதைத்தான். மெய்விலையை யாரும் எந்தக் கடையிலும் கொடுப்பதில்லை. அது வெவ்வேறு ஆண்டுகளின் விலைகளை ஒரே அளவுகோலால் அளப்பதற்கு நாம் கணக்கிட்டுப் பெறும் எண்.

இதனினும் பெரிய இடர்ப்பாட்டைத் தரும் சொல் ஒன்று உண்டு. மெய்விலையைக் காணும் செயலைப் 'பணவீக்கத்தைக் கழித்தல்' என்று தமிழில் எழுதுகிறோம். அன்றாட வழக்கில் கழித்தல் என்பது நீக்குதல் என்ற பொருளிலேயே வருகிறது. வகுப்பறையிலோ அது கணிதத்தின் நான்கு செயல்களுள் ஒன்று. எனவே, 'பணவீக்கத்தைக் கழித்துக் காண்க' என்று வினாவில் கண்ட மாணவர் உண்மையிலேயே கழிக்கிறார். பத்தாண்டில் பொதுவிலை 20 விழுக்காடு ஏறியது என்று கொடுத்தால், 2024ஆம் ஆண்டு விலையிலிருந்து 20 விழுக்காட்டைக் கழித்து விடை எழுதுகிறார். செய்ய வேண்டியதோ கழித்தல் அன்று, வகுத்தல். இத்தவறு மாணவரின் கணித அறிவால் வருவதைவிட நம் சொல்லால் வருவது மிகுதி என்பது எம் கருத்து. ஆதலால் இக்கட்டுரையில் 'பணவீக்கத்தை நீக்குதல்' என்றே எழுதுவோம்.

எதனால் வகுப்பது? பயனீட்டாளர் விலைக் குறியீட்டால். தமிழகத்து நூல்கள் இதனை நுகர்வோர் விலைக் குறியீட்டு எண் என்று குறிக்கும், பொருள் ஒன்றே. நாட்டின் இல்லங்கள் வழக்கமாகச் செலவிடும் பொருள்களையும் சேவைகளையும் ஒரு கூடையில் இட்டதாகக் கொள்வோம். அரிசி, கோழி, வீட்டு வாடகை, மின்கட்டணம், பெட்ரோல், பள்ளிக் கட்டணம் என அனைத்தும் அதில் உண்டு. ஒவ்வொன்றுக்கும் இல்லங்கள் செலவிடும் பங்கிற்கு ஏற்ப எடை உண்டு. உணவுக்கும் மதுவல்லாத பானங்களுக்கும் மலேசியாவில் பத்தில் மூன்று பங்கை ஒட்டிய எடை தரப்படுகிறது. அக்கூடை முழுவதையும் வாங்க ஓர் ஆண்டில் ஆன செலவை 100 என்று வைத்துக்கொண்டு, பிற ஆண்டுகளின் செலவை அதற்கு ஒப்பிட்டு எழுதினால் குறியீடு கிடைக்கும். 100 என்று வைத்துக்கொண்ட ஆண்டே அடிப்படை ஆண்டு.

மலேசியப் புள்ளிவிவரத் துறை 2010ஆம் ஆண்டை அடிப்படையாகக் கொண்டு வெளியிட்ட வரிசையில் 2014ஆம் ஆண்டின் சராசரிக் குறியீடு 110.5, 2024ஆம் ஆண்டின் சராசரிக் குறியீடு 132.8. இவ்வெண்கள் ரிங்கிட் அல்ல. 2010இல் 100 ரிங்கிட்டுக்குக் கிடைத்த கூடை 2014இல் 110 ரிங்கிட் 50 சென்னுக்கும், 2024இல் 132 ரிங்கிட் 80 சென்னுக்கும் கிடைத்தது என்று மட்டும் அவற்றைப் படித்தல் வேண்டும்.

இனிக் கணக்கு. 2014இன் சீனி விலையை 2024ஆம் ஆண்டு ரிங்கிட்டில் கூற விரும்புகிறோம். 2014இல் கூடைக்கு 110.5 செலவிட்டவர் 2024இல் 132.8 செலவிட வேண்டியிருந்தது. 132.8ஐ 110.5ஆல் வகுத்தால் 1.2018 வரும். அதாவது 2014இன் ஒவ்வொரு ரிங்கிட்டும் 2024இன் 1 ரிங்கிட் 20 சென்னுக்கு ஈடாகும். 2.84ஐ 1.2018ஆல் பெருக்கினால் 3.41 ரிங்கிட். வாய்பாடாக எழுதினால்:

மெய்விலை = பெயரளவு விலை × (ஒப்பாண்டின் குறியீடு ÷ அவ்விலைக்குரிய ஆண்டின் குறியீடு)

ஒப்பாண்டு என்பது எந்த ஆண்டின் பணத்தில் விடையைக் கூற விரும்புகிறோமோ அந்த ஆண்டு. இங்கு அது 2024. குறியீட்டின் அடிப்படை ஆண்டாகிய 2010உடன் இதனைக் குழப்பிக்கொள்ளலாகாது. அடிப்படை ஆண்டைத் தேர்பவர் புள்ளிவிவரத் துறையினர். ஒப்பாண்டைத் தேர்பவர் நாம்.

ஆக, 2024இன் பணத்தில் பார்த்தால் சீனி 3.41 ரிங்கிட்டிலிருந்து 2.85 ரிங்கிட்டுக்கு இறங்கியிருக்கிறது. வேறுபாடு 56 சென், இது 3.41இல் ஏறத்தாழ 16.5 விழுக்காடு. தொடக்கத்தில் கூறிய ஆறில் ஒரு பங்கு என்பது இதுதான். அறிவிப்புப் பலகையில் விலை அசையாமல் நின்றபோதே, பிற பொருள்களோடு ஒப்பிட்ட நிலையில் சீனி மலிந்துகொண்டே வந்தது.

இடைப்பட்ட ஆண்டுகளையும் இவ்வாறே கணக்கிட்டுக் கீழே தந்துள்ளோம். 2017, 2018 ஆகிய ஆண்டுகளுக்கு மட்டும் ஒரு விளக்கம் தேவை. அவ்விரு ஆண்டுகளிலும் விலை நடுவில் மாறியது. குறியீடோ ஆண்டு முழுமைக்குமான சராசரி. சராசரியைச் சராசரியோடுதான் சேர்க்க வேண்டும். எனவே 2017க்கு இரண்டு மாதம் 2.84, பத்து மாதம் 2.95 எனக் கொண்டு 2.93 என்ற சராசரியைப் பெற்றோம். 2018க்கு எட்டு மாதம் 2.95, நான்கு மாதம் 2.85, சராசரி 2.92. மெய்விலையைக் கணக்கிடும்போது இச்சராசரிகளை முழுமையாக்காமலே பயன்படுத்தினோம்.

| ஆண்டு | பெயரளவு விலை (ரிங்கிட்) | குறியீடு (2010 = 100) | மெய்விலை (2024 ரிங்கிட்) |
|---|---|---|---|
| 2014 | 2.84 | 110.5 | 3.41 |
| 2015 | 2.84 | 112.8 | 3.34 |
| 2016 | 2.84 | 115.2 | 3.27 |
| 2017 | 2.93 | 119.5 | 3.26 |
| 2018 | 2.92 | 120.7 | 3.21 |
| 2019 | 2.85 | 121.5 | 3.12 |
| 2020 | 2.85 | 120.1 | 3.15 |
| 2021 | 2.85 | 123.1 | 3.07 |
| 2022 | 2.85 | 127.2 | 2.98 |
| 2023 | 2.85 | 130.4 | 2.90 |
| 2024 | 2.85 | 132.8 | 2.85 |

அட்டவணையின் கடைசி வரியில் பெயரளவு விலையும் மெய்விலையும் ஒன்றாக இருப்பதைக் காண்க. ஒப்பாண்டில் அவை ஒன்றாக இருந்தே தீர வேண்டும். மாணவரின் விடைத்தாளில் அவ்வரியில் இரண்டும் வேறுபட்டிருந்தால், எங்கோ தவறான குறியீட்டை எடுத்துள்ளார் என்று பிற வரிகளைப் பாராமலே கூறிவிடலாம்.

இரண்டு இடங்களில் சற்று நின்று பார்ப்பது நலம். ஒன்று 2017. அவ்வாண்டு மார்ச்சில் சீனிக்கு 11 சென் கூடியது. இந்தப் பத்தாண்டில் சீனி விலை உயர்த்தப்பட்டது அந்த ஒரு முறைதான். மக்கள் அதனை விலையேற்றம் என்றே உணர்ந்தனர், ஏற்றந்தான். ஆனால் மெய்விலை வரிசையில் 2016க்கு 3.27, 2017க்கு 3.26 என்று உள்ளது. அவ்வாண்டில் கூடையின் விலை 3.7 விழுக்காடு ஏறியது. சீனியின் ஆண்டுச் சராசரி விலையோ 3.2 விழுக்காடே ஏறியது. சீனியை மட்டும் பார்த்தால் ஏற்றம். கூடையோடு வைத்துப் பார்த்தால் கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நின்றது. ஏற்றம் நிகழ்ந்த ஆண்டில் மெய்விலை ஏறவில்லை, ஏற்றமே நிகழாத பிற ஆண்டுகளுள் பெரும்பாலானவற்றில் அது இறங்கியது என்பதை மாணவர்க்குக் காட்ட இதனினும் நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

மற்றொன்று 2020. அவ்வாண்டில் சீனியின் விலையை யாரும் தொடவில்லை; ஆயினும் மெய்விலை 3.12இலிருந்து 3.15க்கு ஏறியுள்ளது. கணக்கில் பிழை என்று எண்ண வேண்டா. பெருந்தொற்றுக் காலத்தில் பெட்ரோல் விலை வீழ்ந்தது. ஒரு கட்டத்தில் ரோன் 95 வகைப் பெட்ரோல் லிட்டருக்கு 1 ரிங்கிட் 25 சென் வரை இறங்கியது. மின்கட்டணத்திலும் கழிவு தரப்பட்டது. இவற்றால் குறியீடு 121.5இலிருந்து 120.1க்குக் குறைந்தது. கூடையில் உள்ள பிற பொருள்கள் மலிந்தபோது மலியாமல் நின்ற சீனி, ஒப்புநோக்கில் விலையேறியதாயிற்று. மெய்விலை என்பது ஒரு பொருளின் தனித்தன்மை அன்று, பிற பொருள்களோடு அதற்குள்ள உறவு என்பதை இவ்வொரு வரி தெளிவாகக் காட்டுகிறது.

2020ஐ விட்டால், அட்டவணையில் குறியீடு குறைந்த ஆண்டு வேறு இல்லை. இங்கு மொழி பற்றிய ஒரு குறிப்பையும் சொல்ல வேண்டும். 2022இல் குறியீடு 3.3 விழுக்காடு ஏறியது, 2023இல் 2.5 விழுக்காடு ஏறியது. இதனைப் 'பணவீக்கம் குறைந்தது' என்று எழுதினால் சரி. 'விலைவாசி குறைந்தது' என்று எழுதினால் தவறு. ஏனெனில் குறியீடு 127.2இலிருந்து 130.4க்கு ஏறியே உள்ளது. முன்னது ஏறும் வேகத்தைப் பற்றியது, பின்னது ஏறி நிற்கும் உயரத்தைப் பற்றியது. செய்தி எழுதுவோரும் மொழிபெயர்ப்போரும் இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடுவதைப் பன்முறை கண்டுள்ளோம். வேகம் தணிந்த வண்டியைப் பின்னோக்கிச் செல்கிறது என்று யாரும் எழுதுவதில்லை. விலையைப் பற்றி மட்டும் அவ்வாறு எழுதுகிறோம்.

இனி, கணக்கில் நேரும் பிழைகளுள் மூன்றைப் பார்ப்போம். முதலாவது முன்னர்க் கூறிய கழித்தற்பிழை. 2024இன் 2.85 ரிங்கிட்டை 2014இன் பணத்தில் கூற விரும்புகிறோம் எனக் கொள்வோம். பத்தாண்டில் குறியீடு 20.2 விழுக்காடு ஏறியுள்ளது. 2.85இலிருந்து 20.2 விழுக்காட்டைக் கழித்தால் 2.27 வரும். முறைப்படி 2.85ஐ 1.2018ஆல் வகுத்தால் 2.37 வரும். பத்து சென் வேறுபாடு. எந்த விடை சரி என்பதைத் திருப்பிப் பார்த்து அறியலாம்: 2.37ஐ 20.2 விழுக்காடு உயர்த்தினால் மீண்டும் 2.85 கிடைக்கிறது, 2.27ஐ உயர்த்தினால் 2.73தான் கிடைக்கிறது. ஏறிய விழுக்காடு சிறிய எண்ணின்மேல் கணக்கிடப்பட்டது. கழிப்பவரோ பெரிய எண்ணின்மேல் அதனைக் கணக்கிடுகிறார்.

இரண்டாவது பிழை, ஆண்டு வீதங்களைக் கூட்டுவது. 2015 முதல் 2024 வரையுள்ள பத்து ஆண்டு வீதங்களைக் கூட்டினால் ஏறத்தாழ 18.6 விழுக்காடு வரும். குறியீடுகளை நேரே ஒப்பிட்டால் 20.2 விழுக்காடு. ஒவ்வோர் ஆண்டின் ஏற்றமும் முன்னைய ஆண்டுகளில் ஏறியதன்மேல் ஏறுகிறது. வட்டிக்கு வட்டி போன்றது இது. பணவீக்கம் மிகுந்த நாடுகளில் இப்பிழை விடையையே தலைகீழாக்கிவிடும். வீதங்களை மறந்துவிட்டுக் குறியீட்டு எண்களை மட்டும் பயன்படுத்துவோர்க்கு இவ்விடர் இல்லை.

மூன்றாவது பிழையே மிகவும் மறைவானது. குறியீட்டின் அடிப்படை ஆண்டு காலத்திற்குக் காலம் மாற்றப்படும். அண்டை நாடாகிய சிங்கப்பூரில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றுகின்றனர்; 2019 = 100 என்றிருந்த வரிசை இப்போது 2024 = 100 என்று வருகிறது. பழைய அறிக்கையிலிருந்து ஓர் எண்ணையும் புதிய அறிக்கையிலிருந்து ஓர் எண்ணையும் எடுப்பவர் இரண்டு வெவ்வேறு அளவுகோல்களைக் கலக்கிறார். நம் சீனிக் கணக்கிலேயே இதனைச் செய்து பார்ப்போம். மலேசிய வரிசையை 2024 = 100 என்று யாரோ மாற்றி எழுதியதாகக் கொள்வோம். மாணவர் 2014க்குப் பழைய தாளிலிருந்து 110.5 என்றும், 2024க்குப் புதிய தாளிலிருந்து 100 என்றும் எடுக்கிறார். வாய்பாட்டைப் பிழையின்றிப் பயன்படுத்துகிறார். 2014இன் விலை 2.57 ரிங்கிட் என்று விடை வருகிறது. அதன்படி, 2.57ஆக இருந்த சீனி 2.85ஆக ஏறியுள்ளது. இறக்கம் ஏற்றமாகிவிட்டது; கூட்டல் பெருக்கலில் ஒரு தவறும் இல்லை.

இதனைக் கண்டுபிடிக்கும் வழி எளிது. கணக்கைத் தொடங்குமுன் முதல் ஆண்டின் குறியீட்டையும் கடைசி ஆண்டின் குறியீட்டையும் அருகருகே எழுதிப் பார்க்க வேண்டும். 110.5 என்றும் 100 என்றும் இருந்தால், பத்தாண்டில் நாட்டின் பொதுவிலை ஏறத்தாழ பத்து விழுக்காடு குறைந்தது என்று பொருள்படும். அந்தப் பத்தாண்டில் இந்நாட்டில் வாழ்ந்த எவரும் அதனை நம்பார். இரு வரிசைகளை இணைக்க வேண்டுமானால், இரண்டிலும் இடம்பெற்ற ஓர் ஆண்டைப் பாலமாகக் கொள்ள வேண்டும். இங்கு அது 2024: பழைய வரிசையில் 132.8, புதியதில் 100. பழைய எண்கள் அனைத்தையும் 1.328ஆல் வகுத்தால் அவை புதிய வரிசைக்கு மாறும், 2014இன் 110.5 அப்போது 83.2 ஆகும். 2.84ஐ 83.2ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் பழையபடி 3.41.

ஒப்பாண்டை மாற்றினாலும் இவ்வாறே. 2014இன் பணத்தில் கூறினால் சீனி 2.84இலிருந்து 2.37க்கு இறங்கியது, 2024இன் பணத்தில் கூறினால் 3.41இலிருந்து 2.85க்கு இறங்கியது. சென் கணக்கு வேறு. இறங்கிய விகிதம் இரண்டிலும் ஒன்றே. வாசகர்க்கு இன்றைய பணமே கையில் பழகியது என்பதால், அண்மை ஆண்டை ஒப்பாண்டாகக் கொள்வதையே நாம் விரும்புவோம்.

இவ்வளவும் செய்த பின்னர் கிடைத்த 16.5 விழுக்காடு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை? பொதுக் கூடையின் குறியீட்டால் வகுத்தோம். ஆகவே, ஒரு கிலோ சீனிக்காக இல்லம் ஒன்று விட்டுக்கொடுக்கும் பிற பொருள்களின் அளவு ஆறில் ஒரு பங்கு குறைந்துள்ளது என்பதே விடையின் பொருள். வேறு குறியீட்டால் வகுத்தால் வேறு கேள்விக்கு விடை வரும். அதே பத்தாண்டில் மலேசியாவில் உணவுப் பொருள்களின் விலை பொதுக் குறியீட்டைவிட வேகமாக ஏறியது. உணவுக் குறியீட்டால் வகுத்தால் சீனியின் இறக்கம் இன்னும் பெரிதாகத் தோன்றும். அப்போது நாம் கேட்டது, பிற உணவுகளோடு ஒப்பிட்டால் சீனி எப்படி என்ற கேள்வி. சீனியின் விலைக்கே ஒரு குறியீடு செய்து அதனால் வகுத்தாலோ, எல்லா ஆண்டுக்கும் ஒரே விடை வரும். சீனியைச் சீனியால் அளந்தால் மாற்றம் தெரியாது. துணுக்கமான குறியீடு மேலான குறியீடு என்று எண்ணி இவ்வழியில் செல்லும் ஆய்வு மாணவர் உண்டு.

கூடை யாருடையது என்பதும் கவனிக்கத்தக்கது. அது நாட்டின் சராசரி இல்லத்தின் கூடை. வருவாய் குறைந்த இல்லம் தன் செலவில் பெரும்பங்கை உணவுக்கே ஒதுக்கும். உணவு விலை வேகமாக ஏறும் காலத்தில் அவ்வில்லம் உணரும் விலையேற்றம் பொதுக் குறியீடு காட்டுவதைவிட மிகுதியாக இருக்கும். 20 விழுக்காடுதான் ஏறியது என்ற எண்ணைக் கேட்டு ஒருவர் முகம் சுளித்தால், அவர் கணக்கு அறியாதவர் என்று முடிவு செய்துவிடலாகாது. அவர் கூடை வேறு.

விற்பவரின் பக்கமும் ஒன்று உண்டு. நம் கணக்கு வாங்குவோரின் பார்வையில் அமைந்தது. சீனியைச் சுத்திகரிக்கும் ஆலைகள் கச்சாச் சீனியைப் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து அமெரிக்க டாலரில் வாங்குகின்றன. 2014இல் ஒரு டாலருக்குச் சராசரியாக ஏறத்தாழ 3.30 ரிங்கிட் கொடுத்தவர்கள், 2024இல் ஏறத்தாழ 4.60 ரிங்கிட் கொடுத்தனர். 2023இல் உலகச் சந்தையில் கச்சாச் சீனி பத்தாண்டுக்கு மேலாகக் காணாத விலையை எட்டியது. மெய்விலை 3.41இலிருந்து 2.90க்கு இறங்கியிருந்த அதே ஆண்டில் இது நிகழ்ந்தது. கடை அடுக்குகளில் கட்டுப்பாட்டு விலைச் சீனி கிடைக்காமல் போனதும், உச்ச விலையை உயர்த்தாமல் ஆலைகளுக்கு அரசு ஊக்கத்தொகை தர முன்வந்ததும் அக்காலத்தில்தான். ஆலையின் செலவு எவ்வளவு ஏறியது என்பதைப் பயனீட்டாளர் விலைக் குறியீடு கூறாது. ஆலையின் கூடையில் பள்ளிக் கட்டணமும் இல்லை, கோழியும் இல்லை. அதற்குக் கச்சாச் சீனியின் விலையையும் நாணய மாற்று விகிதத்தையும் தனியே பார்த்தல் வேண்டும். எனினும், அசையாமல் நின்ற ஒரு விலை ஏன் நெருக்கடியைத் தந்தது என்று கேட்பவர்க்கு, அது அசையாமல் நிற்கவில்லை என்ற முதல் விடையை நம் அட்டவணை தந்துவிடுகிறது.

இதே கணக்கை ஊதியத்திற்கும் செய்யலாம். ஊதியமும் உழைப்பின் விலையே. தீபகற்ப மலேசியாவில் 2014இல் குறைந்தபட்ச ஊதியம் மாதம் 900 ரிங்கிட். 2024இல் 1,500 ரிங்கிட். பெயரளவில் 67 விழுக்காடு ஏற்றம். 900ஐ 1.2018ஆல் பெருக்கினால் 2024இன் பணத்தில் 1,082 ரிங்கிட் வரும். அதிலிருந்து 1,500க்கு ஏறியது ஏறத்தாழ 39 விழுக்காடு. மெய்யான ஏற்றம் இது, சிறிதும் அன்று. ஆனால் அது சீராக ஏறவில்லை. 900 ரிங்கிட் மாறாதிருந்த 2015இல் அதன் மெய்மதிப்பு 1,060க்கு இறங்கியது. 2022 மே மாதம் 1,500 ஆக்கப்பட்ட பின்னரும், 2024இன் பணத்தில் 1,528ஆக இருந்த 2023இன் ஊதியம் அடுத்த ஆண்டில் 1,500 ஆயிற்று. மாதம் 28 ரிங்கிட் குறைவு. சீனியின் விலையை நிறுத்தி வைத்தபோது வாங்குவோர்க்கு ஊதியமாகக் கிடைத்த அதே இறக்கம், ஊதியத்தை நிறுத்தி வைத்த மாதங்களில் அவர்களிடமிருந்து திரும்ப எடுக்கப்பட்டது; இவ்விரண்டில் எது பெரிது என்பதை, தம் இல்லம் மாதத்தில் வாங்கும் சீனி எத்தனை கிலோ என்று கேட்டறிந்து மாணவர்களே கணக்கிடலாம்.